பணம் கைமாறாத விற்பனை

கோவையில் உள்ள ஒரு விளம்பர வடிவமைப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் பணியாற்றியபோது, ஒரு பயிற்சி நிறுவனத்துடன் சேவைக்குச் சேவை என்ற ஏற்பாடு ஒன்று அமைந்தது. அவர்களுடைய மாணவர் சேர்க்கைக்கான விளம்பரப் பணியை 2024 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நாங்கள் முழுமையாகச் செய்து கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதம் ஒரு நாள் எங்கள் ஊழியர்களுக்கு அவர்கள் பயிற்சி அளிக்க வேண்டும். இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பணம் தர வேண்டியதில்லை என்பதே பேச்சு.

"பணமே வரப்போவதில்லை, எதற்கு இன்வாய்ஸ் போட வேண்டும்?" என்று எங்கள் இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விளம்பரப் பணியில் எங்கள் வடிவமைப்பாளர்கள் இரண்டு மாதம் உழைத்திருந்தார்கள்; அவர்களுடைய சம்பளம் செலவாகக் கணக்கில் ஏறிவிட்டது. வருவாயை எழுதாமல் விட்டால், அந்த இரண்டு மாதமும் நாங்கள் இலவசமாக வேலை செய்ததாகப் புத்தகம் காட்டும். பயிற்சிக்கான செலவும் தெரியாமல் போகும். கணக்கியல் தரம் ஏ.எஸ். 9, வருவாய் என்பதை ரொக்கம், வரவேண்டிய தொகை ஆகியவற்றோடு நிறுத்தாமல் 'பிற பிரதிபலனையும்' சேர்த்தே வரையறுக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டமோ, பண்டமாற்றையும் பரிமாற்றத்தையும் வரிக்கு உள்ளாகும் வழங்கல் என்பதற்குள் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. ஆகவே இன்வாய்ஸ் இரண்டு பக்கமும் போட்டாக வேண்டும். எந்தத் தொகைக்கு என்பதுதான் உண்மையில் யோசிக்க வேண்டியதாக இருந்தது.

ஒப்பந்த வரைவில் இரு பக்கமும் ரூ.6,00,000 என்று எழுதப்பட்டிருந்தது. எங்கள் விலைப்பட்டியலில் அந்த அளவு பணிக்கு அதுவே கட்டணம். அவர்களுடைய விலைப்பட்டியலிலும் ஒரு நாள் பயிற்சி ரூ.50,000, பன்னிரண்டு நாளுக்கு அதே ஆறு லட்சம். எண்கள் அழகாகப் பொருந்தியதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டியல் விலையில் யாரும் வாங்குவதில்லை என்பது இரண்டு தொழில்களிலும் வழக்கம். பணம் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் அண்மையில் போட்ட மூன்று இன்வாய்ஸ்களையும், அவற்றுக்கு வங்கியில் வந்த வரவையும் காட்டும்படி கேட்டோம். ஒரு நாளுக்கு ரூ.40,000 என்பதே அவர்கள் உண்மையில் பெற்ற கட்டணம். எங்கள் பக்கத்தில் அதே போன்ற பணிக்குப் பிற வாடிக்கையாளர்கள் கொடுத்த தொகையும் ரூ.4,80,000-ஐ ஒட்டியே இருந்தது. நியாய மதிப்பாக அந்த ரூ.4,80,000-ஐ இரு தரப்பும் ஏற்றுக்கொண்டு ஒப்பந்தத்தைத் திருத்தினோம்.

பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும் இண்ட் ஏ.எஸ். 115-இல் இதற்கான வரிசை தெளிவாக உள்ளது. பணமல்லாத பிரதிபலனை, பெறும் பொருள் அல்லது சேவையின் நியாய மதிப்பில் அளக்க வேண்டும்; அதை நியாயமாக மதிப்பிட இயலாதபோது மட்டுமே நாம் கொடுப்பதன் தனித்த விற்பனை விலையை நாடலாம். எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்தை அந்தத் தரம் கட்டுப்படுத்தவில்லை என்றாலும், அதே முறையைப் பின்பற்றினோம். பணம் பெற்ற இன்வாய்ஸ்களையே ஆதாரமாகக் கேட்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் ஒன்றின் தளத்தில் மற்றொன்று விளம்பரம் போட்டுக்கொண்டு, இரண்டுமே அதை வருவாயாகக் காட்டிய காலத்தில், 2000-ஆம் ஆண்டு அங்கே ஒரு விதி வந்தது. அதே போன்ற விளம்பர இடத்தை முந்தைய ஆறு மாதங்களுக்குள் பணத்துக்கு விற்ற சான்று இருந்தால்தான் நியாய மதிப்பில் வருவாய் எழுதலாம் என்றது அது.

வருவாயும் செலவும் ஒரே தொகை என்றால், ஆறு லட்சம் எழுதினால்தான் என்ன, லாபம் மாறாதே என்று அப்போது சிலர் கேட்டனர். இரண்டு சேவைகளும் ஒரே நிதியாண்டில் முடிந்திருந்தால் லாபம் மாறியிருக்காது. விற்பனைத் தொகை மட்டும் வீங்கியிருக்கும். எங்கள் விஷயத்தில் நிலைமை வேறு. மார்ச் 31 அன்று எங்கள் விளம்பரப் பணி முழுவதும் முடிந்திருந்தது. பயிற்சியில் மூன்று நாட்களே நடந்திருந்தன. எனவே அந்த ஆண்டு எங்கள் வருவாய் ரூ.4,80,000, பயிற்சிச் செலவு ரூ.1,20,000, இனிப் பெற வேண்டிய பயிற்சியின் மதிப்பு ரூ.3,60,000. பட்டியல் விலையில் எழுதியிருந்தால் வருவாய் ரூ.6,00,000, செலவு ரூ.1,50,000 என்றாகி, அந்த ஆண்டின் லாபம் ரூ.90,000 கூடுதலாகத் தெரிந்திருக்கும். அதே அளவுக்கு, இல்லாத ஒரு சொத்தும் இருப்புநிலைக் குறிப்பில் நின்றிருக்கும். அடுத்த ஆண்டு அது தானே சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மார்ச் மாதக் கணக்கைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கிறது.

எதிர்த் தரப்பில் இதே படம் தலைகீழாக இருந்தது. விளம்பரச் செலவு ரூ.4,80,000 முழுவதையும் அவர்கள் அந்த ஆண்டே எழுத வேண்டியிருந்தது. வருவாய் மூன்று நாளுக்கு ரூ.1,20,000 மட்டுமே. மீதி ரூ.3,60,000, இன்னும் நிறைவேற்ற வேண்டிய கடமையாகப் பொறுப்புகள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர்களுடைய கணக்காளர் முதலில் முழுத் தொகையையும் வருவாயாக எழுதவே விரும்பினார். செலவு முழுவதும் ஏறும்போது வருவாயும் முழுவதும் ஏறினால்தானே சமம் என்பது அவர் வாதம். நடத்தாத ஒன்பது நாள் பயிற்சிக்கு வருவாய் ஏது என்று பேசியபின் ஒப்புக்கொண்டார்.

வரியோடு சேர்த்துப் பதிவுகள் இப்படி அமைந்தன. எங்கள் இன்வாய்ஸ் ரூ.4,80,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ.86,400, மொத்தம் ரூ.5,66,400. அவர்கள் ஒவ்வொரு மாதமும் ரூ.40,000-க்கு வரி ரூ.7,200 சேர்த்து ரூ.47,200-க்கு இன்வாய்ஸ் அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அந்த ரூ.47,200-ஐ அவர்களுடைய பாக்கியில் ஈடுகட்டி ஒரு குறிப்பேட்டுப் பதிவு எழுதினோம்; இப்படி ஈடுகட்டலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருந்தது. வாங்கியதற்குக் கொடுத்த வரியை, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவை இருவரும் முழுமையாகப் பெறக்கூடியவர்கள் என்பதால் வரி யாருக்கும் பாரமாகவில்லை. ஆனால் வரி விலக்குள்ள சேவை தரும் ஒருவர் எதிர்த் தரப்பில் இருந்தால் அந்த வரவு அவருக்குக் கிடைக்காது. அப்போது அந்த ரூ.86,400 அவருடைய கைப்பணம். "காசு செலவில்லாத ஏற்பாடு" என்று நம்பி இறங்குபவர் முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 31 அன்று வரியோடு சேர்த்து அவர்கள் கணக்கில் நின்ற ரூ.4,24,800-ஐ வழக்கமான கடனாளிகள் பட்டியலில் விடாமல் தனித் தலைப்பில் காட்டினோம். கடனாளிகள் பட்டியலில் விட்டிருந்தால் போகப்போக ஆறு மாதம் கடந்த பாக்கியாக அது தெரியும். வசூல் பிரிவு பணம் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும். அங்கே நமக்கு வர வேண்டியது பயிற்சி. அதனால் அந்த இருப்பைச் சரிபார்க்க, பாக்கி எத்தனை நாள் பழையது என்று காட்டும் வயதுப் பட்டியல் உதவாது. பயிற்சி நாட்களின் வருகைப் பதிவேட்டைத்தான் அதனுடன் ஒப்பிட வேண்டும்; நாட்கள் நகராமல் இருப்பு அப்படியே நின்றால் அந்தச் சொத்து மதிப்பிழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அதற்காகவே, டிசம்பருக்குள் நடக்காத நாட்களுக்கு நாளொன்றுக்கு ஒப்பந்த மதிப்பை வரியோடு ரொக்கமாகத் தர வேண்டும் என்ற ஷரத்தையும் சேர்த்திருந்தோம். கடைசி நாள் பயிற்சி உண்மையில் நடக்கவில்லை, ஜனவரியில் ரூ.47,200 வங்கியில் வந்தது. அந்த நாளுக்கு அவர்கள் இன்வாய்ஸ் போடவில்லை, நாங்களும் செலவு எழுதவில்லை. வங்கிக் கணக்கில் பற்று, அவர்கள் கணக்கில் வரவு என்று எழுதியதும் இருப்பு தீர்ந்தது. முந்தைய ஆண்டில் எழுதிய ரூ.4,80,000 வருவாயைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை. எங்கள் மொத்தப் பயிற்சிச் செலவு மட்டும் ரூ.4,40,000-இல் நின்றது.