நான்காவது தீர்மானத்தில் நின்ற ‘நாங்கள்’

போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அடுத்த கூட்டத்தில் அதை உறுதிசெய்ய எடுத்தபோது, நான்காவது தீர்மானத்திலேயே அரை மணி நேரம் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். இன்னும் மனசு ஆறவில்லை.

எங்கள் சங்கமும் ஓர் ஒப்பந்தக்காரரும் உட்கார்ந்து பேசிய கூட்டம் அது. கூடுதல் வேலைக்கு யார் பணம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது ஒப்பந்தக்காரர் தமிழில், “அந்தச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்” என்றார். தமிழ்க் குறிப்பில் அப்படியே எழுதினேன். ஆங்கிலத்தில் ‘வி’ என்று போட்டேன். தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் அதில் சேரமாட்டார். ‘நாம்’ என்றால் சேர்வார். ஆங்கிலத்தின் ‘வி’க்கு அந்த வேறுபாடே கிடையாது. அதோடு, குறிப்பை வெளியிடுவது சங்கம். அதனால் ஆங்கிலப் படியை மட்டும் படித்த உறுப்பினர்கள், சங்கமே செலவை ஏற்றுக்கொண்டது என்று எடுத்துக்கொண்டார்கள். “யாரைக் கேட்டு ஒத்துக்கொண்டீர்கள்?” என்று அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

கருத்து வேறுபாடு வந்தால் தமிழ்ப் படியே செல்லும் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழ் படிக்காதவர் எந்தக் குறிப்பை நம்பி வேலை பார்ப்பார்?

இப்போது தீர்மானங்களில் நான், நாம், நாங்கள் எதையும் எழுதுவதில்லை. இரண்டு படியிலும் ‘ஒப்பந்தக்காரர்’, ‘சங்கம்’ என்று தரப்பின் பெயரையே எழுதுகிறேன். தீர்மானங்களுக்கு இரண்டிலும் ஒரே எண். ஒரு பொருள் முடிந்ததும், அடுத்ததற்குப் போகும் முன் இரண்டு மொழி வாசகத்தையும் உரக்கப் படித்துவிடுகிறேன். கூட்டம் கொஞ்சம் நீளும், ஆனால் பேசியவர் எதிரிலேயே இருக்கும்போது திருத்துவது சுலபம்.

‘வேண்டும்’ இன்னொரு கண்ணி. “அளவுகளைச் சரிபார்க்க வேண்டும்” என்பதை ஆங்கிலத்தில் ‘ஷுட்’ என்று எழுதியிருந்தேன். படித்தவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டு சரிபார்க்காமலே விட்டார். கட்டாயம் என்றால் இப்போது தமிழில் ‘கட்டாயம் சரிபார்க்க வேண்டும்’, ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’. யோசனை மட்டும் என்றால் ‘சரிபார்ப்பது நல்லது’, ‘ஷுட்’.

அனுப்பும் முன் இன்னொரு வேலையும் செய்கிறேன். கூட்டத்துக்கு வராத, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் ஆங்கிலப் படியை மட்டும் கொடுத்து, தீர்மானங்களைத் தமிழில் சொல்லச் சொல்கிறேன். தமிழ்ப் படியைக் கண்ணில் காட்டுவதில்லை. இந்த முறை ஆறாவது தீர்மானத்தை அவர், “விலைப்புள்ளி ஏற்கப்பட்டது” என்றார். என் தமிழ்ப் படியில் இருந்தது “பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது”. நல்லவேளை, அனுப்பு பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.