பாக்கெட்டின் பின்பக்கம்: சுகரும் கொலஸ்ட்ராலும் உள்ள வீட்டுக்கு மாதச் சாமான் வாங்குவது

வீட்டில் ஒருவருக்குச் சுகர், இன்னொருவருக்குக் கொலஸ்ட்ரால். பல வீடுகளில் ஒருவருக்கே இரண்டும் இருக்கும். இந்த நிலையில் பாக்கெட் சாமான் வாங்கும்போது வருகிற தொல்லை, ஒன்றுக்கு ஒத்துக்கொள்வது மற்றதற்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுதான். ‘ஷுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டில் சர்க்கரை இருக்காது, ஆனால் மைதாவும் பாமாயிலும் வழக்கம்போல இருக்கும். ‘நோ கொலஸ்ட்ரால்’ என்று போட்ட ஓட்ஸ் குக்கீயில் சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருக்கும். கொழுப்பு குறைத்த பழத் தயிரில் குறைந்த ருசியை ஈடுகட்டச் சர்க்கரை ஏறியிருக்கும். முன்பக்கம் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் இரண்டு பிரச்சினையில் ஒன்றுக்கு மட்டும்தான் அது பதில். ஆகவே பாக்கெட்டை எடுத்ததும் திருப்பிவிடுவதே எங்கள் வழக்கம்.

பின்பக்கத்தில் முதலில் பார்ப்பது சத்துப் பட்டியலை அல்ல, ‘இன்கிரிடியன்ட்ஸ்’ என்ற சேர்மானப் பட்டியலை. எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆகவே முதல் மூன்று பெயர்களிலேயே பொருளின் குணம் தெரிந்துவிடும். இன்னொரு விதியும் நமக்குச் சாதகமானது: ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ பெரிதாகக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் சொல்ல வேண்டும். கேழ்வரகு சேமியா, தினை நூடுல்ஸ், மல்டிகிரெய்ன் ரஸ்க் எல்லாவற்றிலும் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். முகப்பில் கேழ்வரகுக் கதிர் படம் இருக்கும். பட்டியலில் கோதுமை மாவோ மைதாவோ முதலில் நின்று, கேழ்வரகு ஒற்றை இலக்கச் சதவீதத்தில் பின்னால் வந்தால் அது சாதாரணப் பண்டம்தான், விலை மட்டும் கூட.

சர்க்கரை பல பெயர்களில் பிரிந்து வருவதையும் இங்கேதான் பிடிக்க வேண்டும். சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் ஷுகர் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், தேன், வெல்லப்பொடி, பேரீச்சை சிரப் என்று தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றின் எடையும் குறைந்து பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் முதல் இடத்துக்கே வந்திருக்கும். ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை, வெல்லம் மட்டும்’ என்ற பாக்கெட்டும் ரத்தச் சர்க்கரைக்கு அதே கணக்குதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இன்னும் நுணுக்கமானது. மாவுச்சத்தை உடைத்துச் செய்கிற பொடி அது. குளுக்கோஸுக்குக் கிட்டத்தட்ட இணையான வேகத்தில் ரத்தத்தில் ஏறும். ஆனால் அதன் பெரும்பகுதி ‘ஷுகர்’ வரியில் கணக்காகாது. மசாலா ஓட்ஸ், சூப் பொடி, ‘சுகர் நோயாளிகளுக்கான’ சத்துமாவு ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம்.

அடுத்தது சத்துப் பட்டியல். அதில் 100 கிராமுக்கு என்ற வரிசையை வைத்துத்தான் இரண்டு பாக்கெட்டை ஒப்பிட வேண்டும். ‘பெர் சர்வ்’ அளவை ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிப்படி வைக்கும். ஒன்று 15 கிராம் என்னும், இன்னொன்று 30 கிராம் என்னும். ஒரு மாதிரி லேபிளைப் போட்டுப் பார்ப்போம். ‘முழுக்கோதுமை டைஜஸ்டிவ்’ என்று கடைகளில் கிடைக்கிற வகை, எண்கள் அந்த வகைக்கு வழக்கமானவை. சேர்மானம்: மைதா, பாமாயில், முழுக்கோதுமை மாவு 18%, சர்க்கரை, கோதுமைத் தவிடு, இன்வர்ட் சிரப். 100 கிராமில் கார்போஹைட்ரேட் 70 கிராம், அதில் மொத்தச் சர்க்கரை 16, நார்ச்சத்து 6, மொத்தக் கொழுப்பு 20, சாச்சுரேட்டட் எனப்படும் நிறைகொழுப்பு 10, டிரான்ஸ் கொழுப்பு 0, கொலஸ்ட்ரால் 0.

ஒரு வேளைக்கு இரண்டு பிஸ்கட், 25 கிராம் என்று வைத்தால் எல்லாவற்றையும் நான்கால் வகுக்க வேண்டும். கார்போஹைட்ரேட் 17.5 கிராம். அது ஏறக்குறைய 25 கிராம் ஆட்டாவில் போட்ட ஒரு சப்பாத்தியில் உள்ள அளவு. அதில் சர்க்கரை 4 கிராம்தான். நார்ச்சத்து ஒன்றரை கிராமைக் கழித்தால், மீதி 12 கிராம் மைதாவின் மாவுச்சத்து. அதுவும் குளுக்கோஸாகத்தான் முடியும். சர்க்கரை வரியை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது. இதே பிஸ்கட்டின் ஷுகர் ஃப்ரீ வகையை எடுத்தால் சர்க்கரை 0 என்றிருக்கும், கார்போஹைட்ரேட் அநேகமாக 65-க்குக் கீழே இறங்கியிருக்காது. அதில் மால்ட்டிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருந்தால் (லேபிளில் ஐஎன்எஸ் 965) அதுவும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும். பாதியைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது வழக்கம். நிறையச் சாப்பிட்டால் வயிறு போகும் என்ற எச்சரிக்கையும் சிறிய எழுத்தில் இருக்கும். டீக்கு இரண்டு என்று தொடங்கி ‘ஷுகர் ஃப்ரீதானே’ என்று ஐந்தாகும்போதுதான் இந்த வகை நஷ்டமாகிறது.

நார்ச்சத்து வரி எல்லா லேபிளிலும் இருக்காது. நம் ஊர் விதியில் அது கட்டாயப் பட்டியலில் இல்லை. இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. வெளிநாட்டுப் பாக்கெட்டில் இன்னொரு சிக்கல். அமெரிக்க லேபிளில் கார்போஹைட்ரேட் எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடங்கும், பிரிட்டன், ஐரோப்பிய லேபிளில் அடங்காது. உறவினர் கொண்டுவந்த ஐரோப்பிய பாக்கெட்டில் நார்ச்சத்தை மறுபடி கழித்தால் கணக்கு குறைத்துக் காட்டும்.

இனி கொழுப்பு. ‘கொலஸ்ட்ரால் 0’ என்ற வரி செடியிலிருந்து வந்த எந்தப் பொருளுக்கும் பொருந்தும், ஏனென்றால் செடியில் அது சொல்லும்படியாகக் கிடையாது. பாமாயிலிலும் இல்லை, தேங்காய் எண்ணெயிலும் இல்லை. பெரும்பாலோருக்கு ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக் காரணம் உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புதான். தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதத்தை ஒட்டி, பாமாயிலில் பாதி அளவு, கடலை எண்ணெயில் 18 வாக்கில், நல்லெண்ணெயில் 15, சூரியகாந்தியில் 11. டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீத உச்சவரம்பு வந்துவிட்டதால், லேபிள் உள்ள பொருளில் இன்று பெரிய கவலை நிறைகொழுப்பே.

லேபிளில் ‘இத்தனை சதவீதம் ஆர்டிஏ’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு நாளுக்குப் பரிந்துரைத்த அளவில் இது எத்தனை பங்கு என்று சொல்வது அது. நாளுக்கு 2000 கலோரியும் 22 கிராம் நிறைகொழுப்பும் அதற்கு அடிப்படை. நம் மாதிரி பிஸ்கட்டின் 2.5 கிராம், அந்தக் கணக்கில் 11 சதவீதம். ஆனால் எல்டிஎல் கூடியவர்களுக்குக் கலோரியில் 7 சதவீதத்துக்குள் நிறைகொழுப்பு என்று சொல்வது வழக்கம். 1600 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 12 கிராம் சொச்சம். அதே இரண்டு பிஸ்கட் அவருக்கு 20 சதவீதம். ஆகவே அந்த வரியைப் படிக்காமல், கிராமை மட்டும் எடுத்து உங்கள் டாக்டர் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள்.

இந்த 12 கிராமை ஒரு நாளில் பங்கு போட்டுப் பார்த்தால்தான் பிஸ்கட்டை விடப் பால் பாக்கெட் பெரிய விஷயம் என்று புரியும். காலை, மாலை டீ, இரவு மோர் என்று ஒருவருக்கு 300 மில்லி பால் போகிறது என்று வையுங்கள். 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் என்றால் 18 கிராம் கொழுப்பு. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானது நிறைகொழுப்பு. 11 கிராமுக்கு மேல் பாலிலேயே போய்விட்டது. 3 சதவீத டோன்ட் பாலில் அது 6 கிராமுக்குள் வரும், 1.5 சதவீத டபுள் டோன்டில் 3 கிராமுக்குள். ஆவினில் நீலப் பாக்கெட் 3, பச்சை 4.5, ஆரஞ்சு 6. தனியார் பாலில் நிறம் வேறு வேறு அர்த்தம் தரும், அதனால் அச்சிட்ட கொழுப்புச் சதவீதத்தைத்தான் நம்ப வேண்டும். சமையலுக்கு ஒருவருக்கு நாளுக்கு 20 கிராம் கடலை எண்ணெய் என்றால் 3.6 கிராம். டோன்ட் பாலும் இதுவும் சேர்ந்து 9 கிராமைத் தாண்டும். மிச்சமிருப்பது 3 கிராமுக்குள். அதை இரண்டு பிஸ்கட்டுக்குக் கொடுக்கலாம், அல்லது சட்னியில் ஒரு மேசைக்கரண்டி, 10 கிராம் தேங்காய்த் துருவலுக்குக் கொடுக்கலாம். இரண்டுக்கும் இடமில்லை. நாங்கள் பாலை டபுள் டோன்டாக மாற்றி, தேங்காயை வைத்துக்கொண்டோம்.

எண்ணெய்க்கும் இதே கணக்கிலேயே மாத அளவு வரும். 20 கிராம் வீதம் முப்பது நாளுக்கு 600 கிராம், அதாவது ஒருவருக்கு 650 மில்லி சுமார். நான்கு பேருக்கு 2.6 லிட்டரைத் தாண்டி வாங்கினால் அளவு மீறுகிறது என்று அர்த்தம், அல்லது பலகாரம் அதிகமாகியிருக்கிறது.

இதையெல்லாம் கடையில் நின்று செய்ய முடியாது. எழுத்து அவ்வளவு பொடி, பின்னால் வண்டியோடு ஆள் நிற்பார். வீட்டில் காலியான பாக்கெட்டைத் தூக்கி எறியும் முன் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் 100 கிராமுக்கான கார்போஹைட்ரேட், நிறைகொழுப்பு இரண்டையும் மட்டும் எழுதிக்கொண்டால் போதும். பிராண்டும் பெயரும் அதேபோல இருந்தாலும் சேர்மானம் மாறும். எண்ணெய் விலை ஏறும்போது ‘சூரியகாந்தி எண்ணெய்’ இருந்த இடத்தில் ‘பாமாயில்’ வந்து உட்காரும். புதிய டிசைன், ‘புதுச் சுவை’ என்று பாக்கெட் மாறினால் மறுபடி படிக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் அங்கே காட்டுகிற படம் பழைய லேபிளாக இருக்கக்கூடும், வந்த பாக்கெட்டோடு ஒத்துப் பாருங்கள். தயார் மாவு, ரவா இட்லி மிக்ஸ் வாங்கும்போது எண் காய்ந்த பொடிக்கா, சமைத்த பிறகா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் சேர்ந்த எண் எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

இன்சுலினோ சுகரைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர் வீட்டில் இருந்தால் பட்டியலில் ஒரு குளுக்கோஸ் பொடி டப்பாவையும் சேருங்கள். சுகர் திடீரென இறங்கி வியர்த்துக் கை நடுங்கும்போது டயட் கோலாவோ ஷுகர் ஃப்ரீ பிஸ்கட்டோ உதவாது. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். மூன்று டீஸ்பூன் அளவு, சுமார் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.