வரவேற்பு மெயிலின் இரண்டாவது வரி: பேக்ரவுண்ட் செக்கில் மாட்டிக்கொண்ட கதை

ஆஃபரை ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன அன்றே, திங்கட்கிழமை, ரெக்ரூட்டரின் வரவேற்பு மெயில் வந்தது. சேருவதற்கு முன் முடிக்க வேண்டியவை என்று ஆறு வேலைகள். கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர், பேக்ரவுண்ட் செக், சான்றிதழ்கள், வங்கி விவரம், லேப்டாப் வந்துசேர வேண்டிய முகவரி, முதல் நாள் எத்தனை மணிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பது. இதில் ஐந்தை ஒரே மாலையில் முடித்துவிடலாம். "பேக்ரவுண்ட் செக் லிங்க் தனியாக வரும், தயவுசெய்து பூர்த்தி செய்யவும்" என்று ஒற்றை வரியில் முடிந்த அந்த இரண்டாவது வேலைதான் 18 நாள் இழுத்தது. சேரும் தேதியும் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

'தனியாக வரும்' என்றால் வேறொரு கம்பெனியிலிருந்து வரும் என்று அர்த்தம். நாம் சொன்ன பழைய வேலை விவரங்கள் உண்மையா என்று பார்க்கும் இந்தச் சரிபார்ப்பைப் பெரும்பாலும் வெளி ஏஜென்சியிடம்தான் கொடுக்கிறார்கள். மெயில் அவர்களுடைய முகவரியிலிருந்து, நாம் கேள்விப்படாத பெயரில் வரும். செவ்வாய் வந்த லிங்க் நேராக ஸ்பாமுக்குப் போய்விட்டது. ஆயுள் 72 மணி நேரம். சனிக்கிழமை கண்ணில் பட்டபோது காலாவதி. ரெக்ரூட்டருக்கு எழுதினால், "லிங்க்கை நான் அனுப்ப முடியாது, ஆன்போர்டிங் டீம்தான் அனுப்ப வேண்டும்" என்று பதில். புது லிங்க் அடுத்த செவ்வாய்தான் வந்தது. மெயிலைப் படித்தவுடனே "லிங்க் எந்த முகவரியிலிருந்து வரும், எத்தனை நாள் செல்லும்?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. அனுப்புகிறவரின் முகவரி முன்கூட்டியே தெரிந்தால், அடையாள அட்டையைக் கேட்கும் போலி மெயிலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். லேப்டாப்புக்கோ சரிபார்ப்புக்கோ முன்பணம் கட்டச் சொல்லும் மெயில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அது போலி.

லிங்க்கைத் திறந்தால் வரும் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: "தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா?" சில படிவங்களில் 'ஆம்' என்று முன்பே டிக் விழுந்திருக்கும். அப்படியே விட்டால், நாம் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே நம் ஹெச்.ஆருக்கு விசாரணை மெயில் போய்விடும். அதன்பிறகு ஆஃபர் கைநழுவினால் பழைய இடத்திலும் முகம் கொடுக்க முடியாது. 'இப்போது வேண்டாம்' என்று மாற்றிவிட்டு, அந்த இடத்துக்குக் கடைசி மூன்று பே ஸ்லிப்பைக் கொடுத்தால் தற்காலிகமாக ஏற்றுக்கொள்கிறார்கள். நேரடி விசாரணையை நாம் வேலையை விட்ட பிறகு செய்வார்கள்.

இனி முக்கியமான சிக்கல். முந்தைய வேலைகளில் ஒன்று கான்ட்ராக்ட். உட்கார்ந்து வேலை பார்த்தது ஒரு பெரிய கம்பெனியின் அலுவலகத்தில். அடையாள அட்டை, மெயில் முகவரி, மேனேஜர் எல்லாமே அவர்களுடையது. சம்பளம் மட்டும் ஆள் அனுப்பும் ஏஜென்சியிடமிருந்து. ரெஸ்யூமேயில் பலரும் செய்வதுபோலப் பெரிய கம்பெனியின் பெயரையே போட்டிருந்தேன், படிவத்திலும் அதேதான். வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு ஏஜென்சியின் போர்ட்டலில் மஞ்சள் நிறத்தில் விழுந்தது: "தகவல் பொருந்தவில்லை. இந்தப் பெயரில் ஊழியர் பதிவு இல்லை."

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சரிபார்க்கிறவருக்கு நாம் எப்படி வேலை செய்தோம் என்பது இங்கே முக்கியமில்லை. நிறுவனத்தின் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி இந்த நான்கையும் முதலில் அந்த நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிடுகிறார். நம் பெயர் ஏஜென்சியின் சம்பளப் பதிவில் இருக்கிறது. பெரிய கம்பெனியின் ஹெச்.ஆர். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்வது அவர்கள் பதிவுப்படி சரியான பதில். ஆனால் புது நிறுவனத்தின் திரையில் அது, இல்லாத வேலையை இருந்ததாகக் காட்டியதுபோலத் தெரியும். அந்த மஞ்சளைப் பார்த்ததும் வயிறு கலங்கியது உண்மை.

முதலில் நானே யோசித்துச் செய்த காரியம் வீணாய்ப் போனது. பழைய மேனேஜரிடம் கேட்டு, இன்ன காலத்தில் இன்ன வேலையில் என்னுடன் இருந்தார் என்று அவருடைய அலுவலக மெயிலிலிருந்தே கடிதம் வாங்கி அனுப்பினேன். ஏற்கவில்லை. மேனேஜர் நல்லவராக இருக்கலாம், ஆனால் வேலை கொடுத்தவர் அவர் இல்லையே. அடுத்து ஏஜென்சிக்குப் போன் போட்டால், "முன்னாள் ஊழியர் என்றால் டிக்கெட் போடுங்கள், பத்து வேலைநாளில் கடிதம் வரும்." அவசரம், ஆஃபர் தொங்குகிறது என்று சொன்னதற்கும் அதே வாக்கியம், அதே குரலில். விளக்கம் கொடுக்க எனக்கு இருந்த அவகாசம் மூன்று வேலைநாள்.

கடைசியில் வேலைக்கு ஆனது வீட்டிலேயே கிடந்த காகிதங்கள்தான். ஏஜென்சி கொடுத்த பணி நியமனக் கடிதம்: அதில் ஏஜென்சியின் பெயரோடு, எந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறோம் என்பதும் இருந்தது. இரண்டு பெயரையும் முடிச்சுப் போடும் காகிதம் அது ஒன்றே. பிறகு முதல் மாத பே ஸ்லிப், கடைசி மாத பே ஸ்லிப். நடுவில் உள்ளவை தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது இரண்டு எல்லைத் தேதிகள். கூடவே அந்த இரண்டு மாதத்துக்கும் ஏஜென்சியின் பெயரில் சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் பக்கங்கள், மற்ற வரிகளைக் கறுப்படித்து. மேலே மூன்று வரி விளக்கம்: நிறுவனத்தின் பெயரை ஏஜென்சி என்று திருத்திக்கொள்ளவும், வேலை பார்த்த இடம் இது, ஆதாரப் பக்கங்கள் இவை. கதை சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

ஏற்றும்போது இன்னொரு வினை. அந்தப் போர்ட்டலில் ஒரு பிரிவுக்கு ஒரே கோப்புதான். இரண்டாவதை ஏற்றினால் முதலாவது சத்தமில்லாமல் காணாமல் போகும், 'வெற்றிகரமாகப் பதிவேறியது' என்ற பச்சை டிக் மட்டும் அழகாக விழும். நியமனக் கடிதம் இப்படித்தான் மறைந்தது. எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, 2 எம்.பி.க்குள் சுருக்கி, ஏற்றிய பிறகு அதையே திறந்து பக்கங்களை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை இப்படி அனுப்பியது வியாழக்கிழமை பச்சையானது. புது லிங்க்கில் படிவம் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் 8 வேலைநாள்.

கான்ட்ராக்டில் இருந்தவர்கள் படிவத்தில் முதலிலேயே சம்பளம் கொடுத்தவரின் பெயரை நிறுவனம் என்ற இடத்திலும், வேலை பார்த்த இடத்தைப் பதவிக்குப் பக்கத்திலும் போடுங்கள். சம்பளம் கொடுத்தவர் யார் என்ற சந்தேகம் வந்தால் பே ஸ்லிப்பின் தலைப்பில் இருக்கும் பெயரைப் பாருங்கள், அதுதான் விடை. தேதிகளும் அப்படியே. ஞாபகத்திலிருந்து 'மார்ச்' என்று எழுதாமல் கடிதத்தில் உள்ள நாளைப் போடுங்கள். பெயர் ஒரு சான்றிதழில் இனிஷியலோடும் இன்னொன்றில் விரித்தும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற குறிப்பை அவர்கள் கேட்பதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். இதெல்லாம் மெயிலில் இருக்காது.

அடுத்தது ராஜினாமா. வரவேற்பு மெயில் "உங்கள் நிறுவனத்தில் இன்றே தெரிவித்துவிடுங்கள்" என்று உற்சாகமாகச் சொன்னது. ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கமோ, சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்தான் இந்த ஆஃபர் செல்லும் என்றது. இரண்டும் ஒரே கம்பெனியிலிருந்து வந்தவைதான், ஆனால் நமக்குச் செல்லுபடியாவது கையெழுத்துப் போட்ட காகிதம். நோட்டீஸ் 30 நாள். மெயில் வந்த நாளை ஒன்று என்று வைத்தால், அன்றே ராஜினாமா கொடுத்திருந்தால் 31ஆம் நாள் முடிந்து, அவர்கள் குறித்தபடி 36ஆம் நாள் திங்கட்கிழமை சேர்ந்திருக்கலாம். ஆனால் மஞ்சள் விழுந்த 12ஆம் நாளில் கையில் பழைய வேலையும் உறுதியாக இருந்திருக்காது, புது வேலையும் இருந்திருக்காது. பச்சையானது 18ஆம் நாள். 19ஆம் நாள் ராஜினாமா, மறுநாளிலிருந்து 30 நாள் எண்ணினால் 49ஆம் நாள் ஞாயிறு. சேர்ந்தது 50ஆம் நாள் திங்கள்.

இந்தத் தள்ளலைச் சொல்ல ரெக்ரூட்டருக்கு எழுதியது இரண்டே வாக்கியம்: "சரிபார்ப்பு முடிந்ததாக எழுத்தில் வந்ததும் ராஜினாமா கொடுக்கிறேன். அன்றிலிருந்து நோட்டீஸ் 30 நாள், அதற்கேற்ப சேரும் தேதியை மாற்றித் தர முடியுமா?" போனில் கொஞ்சம் முகம் சுளித்தார், முன்தேதியைக் காட்டி டீமில் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகச் சொன்னார். மெயிலில் மறுநாளே புதுத் தேதி வந்தது. போனில் "எல்லாம் முடிஞ்சிடும், தைரியமா குடுங்க" என்று சொல்லக்கூடிய எவரும் அதை மெயிலில் எழுதித் தருவதில்லை, கவனித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை பாக்கி. பச்சை ஆனாலும், 'இப்போது வேண்டாம்' என்று நிறுத்திவைத்த தற்போதைய நிறுவனத்தின் விசாரணை அப்படியே நிற்கிறது. சேர்ந்த பிறகு 30 நாளுக்குள் ரிலீவிங் லெட்டர் கொடுக்க வேண்டும் என்று அதே போர்ட்டலில் ஒரு புதுப் பிரிவு திறக்கும். அங்கே பார்க்கப்படுவது கடைசித் தேதியைத்தான். பழைய இடத்தில் வேலைக்குப் போன கடைசி நாள் வெள்ளி, நோட்டீஸ் முடிவது ஞாயிறு. கடிதத்தில் எதைப் போடப் போகிறார்கள் என்று விலகும்போதே கேட்டுக்கொண்டேன். தவறுதலாகத் திங்கட்கிழமை என்று அடித்திருந்தார்கள். அப்படியே வாங்கியிருந்தால் ஒரே நாளில் இரண்டு சம்பளப் பதிவிலும் பெயர் இருந்து, மறுபடி மஞ்சள் விழுந்திருக்கும். அங்கேயே நின்று திருத்தி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.