திருப்புல்லாணியில் ஒரு சாக்பீஸ்

ஏழு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, திருப்புல்லாணியில் நாகப் பிரதிஷ்டை செய்து, பாயசம் வாங்கிச் சாப்பிட்ட மறுவருஷம் பிறந்தவள் என் மகள். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் கூட்டி வருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். நாள் பார்க்காமல் ஆடி அமாவாசையில் கிளம்பியது என் தப்பு. சேதுக்கரையில் கால் வைக்க இடமில்லை. சங்கல்பம் செய்துவைக்கிறேன் என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்து, முதலில் ஐம்பது என்றார், முடிந்ததும் ஐந்நூறு கேட்டார். ஈரத்துணியோடு பேரம் பேசிவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தோம்.

வரிசை நகரவில்லை. மண்டபத்தை அண்ணாந்து பார்த்த மகள், "ஏன் அப்பத்தா, இதுல சிமெண்டே இல்லையாமே, தலையில விழுந்துடாதா?" என்றாள்.

அம்மாவின் அப்பா கல்தச்சர்களோடு திருப்பணிக்குப் போனவர். மகளுடைய பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்த அம்மா, தரையில் நிறுத்தி, "மேலே அழுத்துடி" என்றார். உடையவில்லை. அதையே படுக்கவைத்து இரண்டு முனைகளுக்கும் அடியில் புளியங்கொட்டை மாதிரி இரண்டு கல் கொடுத்து நடுவில் அழுத்தச் சொன்னார். பட்டென்று உடைந்தது. உடைந்த பாதியை அதேபோல வைத்தார். இப்போது அவள் விரல் வலித்ததே தவிர, அது லேசில் உடையவில்லை.

"கல்லும் இப்படித்தான். எவ்வளவு பாரம் ஏத்துனாலும் தாங்கும், வளைஞ்சா உடைஞ்சிரும். அதான் தூணை நெருக்கி நெருக்கி நட்டாங்க. தூண் தலையில பாரு, ரெண்டு பக்கமும் கை நீட்டுன மாதிரி இருக்கே, அது போதிகை. உத்திரத்துக்கு இடைவெளியை இன்னும் குறைச்சுடும். தூணில முளை, போதிகையில குழி, ரெண்டும் உட்கார்ந்துக்கும். அப்புறம் மேலே இருக்கிற கனமே எல்லாத்தையும் அசையாமப் பிடிச்சுக்கும்."

"அப்ப நம்ம வீடு?"

மாடிப்படி மேல் காரை பெயர்ந்து விழுந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. "அதுல இரும்புக் கம்பி இருக்கு. உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு ஊதும், ஊதி சிமெண்டைப் பிளந்துரும். இங்க கம்பியே இல்லையே."

அதற்காகச் சாகாவரம் பெற்ற கட்டடம் என்று அம்மா சொல்லவில்லை. கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று வேர்விட்டால் போதும், கல்லை நெம்பிவிடும். விரிசல் விட்ட உத்திரத்துக்கு அடியில் முட்டுத்தூண் கொடுத்தே ஆகவேண்டும். தளத்தின் மேலே சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் போடுவது கல்லை ஒட்டுவதற்கல்ல, மழைத்தண்ணீர் இறங்காமல் இருப்பதற்கு.

வரிசை நகர்ந்தது. தர்ப்பசயன ராமர் முன் நின்றபோது தள்ளுமுள்ளு, சத்தம் எதுவும் காதில் விழவில்லை. சீதையைப் பிரிந்து, கடலிடம் வழி கேட்டுப் புல்லில் படுத்திருக்கிறார். ஏழு வருஷமும் நாங்கள் இப்படித்தானே கிடந்தோம்! கேட்க வேண்டியது எதுவும் நினைவுக்கு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. மகளைத் தூக்கிக் காட்டினேன். அப்பனே, நீ கொடுத்த பிள்ளை.

வெளியே வந்ததும் பாயசம் வாங்கினோம். குடித்துவிட்டு, உடைந்த சாக்பீஸ் எங்கே என்று கேட்டாள். அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது.