வல்லினம் மிகும் பாடத்தைப் பிழைதிருத்தப் பயிற்சித்தாளாக மாற்றுவது

வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் சேர்த்து நடத்தினால் கரும்பலகையில் இருபது விதிகளாவது நிறைந்துவிடும். அந்தப் பட்டியலை அப்படியே பயிற்சித்தாளாக்க முடியாது. விதிக்கு ஒரு தொடர் என்று எழுதினால் மாணவருக்கு எதுவும் பதியாது. நடுநிலை வகுப்புக்குத் தாள் தயாரிக்கும்போது நாங்கள் நான்கு விதிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த, இந்த, எந்த ஆகியவற்றின் பின், ஐ உருபின் பின், கு உருபின் பின், ‘வர’, ‘போக’ போன்ற அகர ஈற்று வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும். மற்றவை அடுத்த தாளுக்கு.

அடுத்த வேலைதான் முக்கியமானது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், அதோடு குழம்பக்கூடிய மிகா இடம் ஒன்றை எழுதிவைக்க வேண்டும். அந்தப் பையன், வந்த பையன். கவிதையைப் படித்தான், கவிதை படித்தான். கடைக்குப் போனான், கடையிலிருந்து போனான். வரச் சொன்னான், வந்து சொன்னான். இந்த நான்கு இணைகள் கையில் இருந்தால் தாளின் பாதி வேலை முடிந்தது.

இணைகள் ஏன் தேவை? ஒற்று விடுபட்ட தொடர்களை மட்டும் கொடுத்தால், மாணவர் க, ச, த, ப எங்கே வந்தாலும் முன்னால் ஒற்றைப் போட்டுவிட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். அதே மாணவரின் கட்டுரையில் பிறகு ‘வந்தப் பையன்’, ‘படித்தப் புத்தகம்’ என்று தேவையில்லாத ஒற்றுகள் முளைக்கும். பாடம் நடத்துவதற்கு முன் அவரிடம் இந்தப் பிழை இருந்திருக்காது. அதனால் 12 தொடர்கள் கொண்ட தாளில் 6 தொடர்களில் ஒற்று விடுபட்டிருக்கட்டும், 3 தொடர்களில் மிகையாக இருக்கட்டும், 3 தொடர்கள் பிழையின்றி இருக்கட்டும். ‘சில தொடர்களில் பிழை இல்லை’ என்று தாளின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

தொடரை எழுதியதும் க, ச, த, ப-வில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிட்டுப் பாருங்கள். ‘தம்பி கடைக்கு போனான்’ என்ற தொடரில் சோதிக்க வேண்டிய இடம் இரண்டு. ‘தம்பி’ எழுவாய் என்பதால் அதன் பின் மிகாது. ஆனால் அதை இன்னும் நடத்தவில்லையே! ‘நான் கடைக்கு போனேன்’ என்று மாற்றிவிட்டால் சிக்கலே இல்லை.

இரண்டு விடையும் சரியாகும் தொடர்கள் இன்னொரு ஆபத்து. ‘அரசன் வேலை கொடுத்தான்’ என்பதை அப்படியே விட்டால் பணி கொடுத்தான் என்று பொருள். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் இருந்த வேலைக் கொடுத்தான். எது பிழை என்று மாணவர் எப்படி முடிவு செய்வார்? ‘அரசன் தன் கூரிய வேலை கொடுத்தான்’ என்று எழுதினால் ஒரே விடைதான் மிஞ்சும். சூழலைக் காட்டும் சொல்லைச் சேர்க்க இடமில்லை என்றால் அந்தத் தொடரை நீக்கிவிடுவதே நல்லது.

இனி விளக்கம். ‘வல்லினம் மிகும் என்பதால் ஒற்று வந்தது’ என்று எழுதுவது விளக்கமே அல்ல, விடையைத் திருப்பிச் சொல்வது. நிற்கும் சொல் என்ன வகை, அதற்கு அடையாளம் என்ன, வரும் எழுத்து எது, ஒப்பிட வேண்டிய தொடர் எது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மிகையான ஒற்றுக்கு ஒரு மாதிரி:

தாளில்: நேற்று வந்தப் பையன் என் நண்பன்.
திருத்தம்: நேற்று வந்த பையன் என் நண்பன்.
விளக்கம்: ‘வந்த’ என்பது ‘வா’ என்னும் வினையிலிருந்து பிறந்து, ‘பையன்’ என்னும் பெயரைக் கொண்டு முடியும் பெயரெச்சம். இப்படி அகரத்தில் முடியும் பெயரெச்சத்தின் பின் பகரம் வந்தாலும் ஒற்று மிகாது. ‘அந்தப் பையன்’ என்பதில் ‘அந்த’ வினையிலிருந்து பிறக்கவில்லை, சுட்டுகிறது. அதனால் அங்கே மிகும்.

பிழையில்லாத தொடருக்கும் இதே அளவு விளக்கம் வேண்டும். ‘நான் கடையிலிருந்து போனேன்’ என்பதற்குச் ‘சரி’ என்று மட்டும் விடைக்குறிப்பில் போட்டால், ஊகித்தவரும் தெரிந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். திருத்தத்துக்கு 1, காரணத்துக்கு 1 என்று மதிப்பெண்ணைப் பிரித்தால் வேறுபாடு தெரியும். ‘கேட்க நன்றாக இல்லை’ என்று காரணம் எழுதுபவருக்கு இரண்டாவது மதிப்பெண் கிடையாது. காது பல இடங்களில் சரியாகவே சொல்லும் என்றாலும், ‘கவிதை படித்தான்’ போன்ற இடத்தில் அதை மட்டும் நம்ப முடியாது.

அச்சுக்கு அனுப்பும் முன், பாடத்தை நடத்தாத இன்னொரு தமிழாசிரியரிடம் விடைக்குறிப்பு இல்லாமல் தாளைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவருடைய விடை நம்முடையதோடு முரண்படும் தொடரை மாற்றி எழுத வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும்.