பாம்பன் பாலம் ஸ்கிரிப்ட்டை இரண்டாவது முறை எழுதியபோது

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்ததும், பழைய பாலத்தைப் பற்றி நான் எப்போதோ போட்டிருந்த 17 நிமிட வீடியோவுக்குத் திடீரென்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கோடாகக் காட்டும் ரிடென்ஷன் கிராஃப் ஒன்று உண்டு, அதுவரை அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாமல் இருந்தது. நூறு பேர் மட்டும் பார்த்த வீடியோவில் நாலு பேர் எழுந்து போனாலே கோட்டில் பள்ளம் தெரியும், அதை நம்பி ஸ்கிரிப்ட்டில் கை வைக்கக்கூடாது. சில ஆயிரம் பேர் பார்த்த பிறகுதான் கோடு ஒரு நிலைக்கு வந்தது. நடுப்பகுதியில் இரண்டு இடங்களில் ஆட்கள் போயிருந்தார்கள், இரண்டுமே நான் அதிகம் உழைத்து எழுதிய இடங்கள்.

போட்ட வீடியோவுக்குப் பதிலாக வேறொன்றை அதே இடத்தில் வைக்க யூடியூப் விடாது, யூடியூப் ஸ்டூடியோவில் வெட்ட மட்டும் முடியும். வெட்டிப் பார்த்தேன், முன்னும் பின்னும் ஒட்டவில்லை. சரி, முதலிலிருந்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் பள்ளம் மூன்றாவது நிமிடத்தில். பழைய பாலத்தின் நடுவில், கப்பல் போவதற்காக இரண்டு பக்கமும் மேலே தூக்கித் திறக்கும் பகுதி ஒன்று இருந்தது, ஷெர்ஸர் தூக்குப்பாலம் என்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒன்றரை நிமிடம் விளக்கியிருந்தேன், படமும் நானே வரைந்தது. அங்கே கோடு சட்டென்று இறங்கி, விளக்கம் முடிந்த இடத்தில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இந்த வடிவத்தைக் கவனிக்க வேண்டும். இறங்கிய கோடு திரும்ப ஏறினால் அவர்கள் வீடியோவை விட்டுப் போகவில்லை, அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார்கள். கதை அவர்களுக்கு வேண்டும், இந்த விளக்கம் வேண்டாம், அல்லது இப்போது வேண்டாம். இறங்கிய கோடு ஏறவே இல்லையென்றால்தான் ஆட்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

என் முதல் நினைப்பு அதைத் தூக்கி எறிவதுதான். ஆனால் அந்தத் தூக்குப்பாலம் கதைக்குத் தேவை, ஏனென்றால் 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தூண்களின் மேல் தண்டவாளத்தைத் தாங்கிய இரும்பு உத்தரங்களான கர்டர்கள் நூற்றுக்கும் மேல் கடலுக்குள் போனபோது இந்தப் பகுதி நின்றுவிட்டது. இதை நான் எழுதியிருந்த வரிசை: 1914-இல் பாலம் திறந்தது, தூக்குப்பாலம் எப்படி இயங்குகிறது, புயல், பெரும்பகுதி போனது, இது நின்றது. அதாவது ஒரு பொருள் ஏன் முக்கியம் என்று தெரிவதற்கு முன்பே அதன் உள்பாகங்களைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். புதிய ஸ்கிரிப்ட்டில் புயலை முன்னால் கொண்டுவந்தேன். விடிந்ததும் தண்ணீரில் வரிசையாக வெறும் தூண்கள், நடுவில் ஒரு இரும்புப் பகுதி நிற்கிறது. அதைச் சொல்லிவிட்டு, அது என்ன என்று விளக்கத்துக்குள் போனேன். விளக்கமும் தானாகவே 40 விநாடிக்குச் சுருங்கியது, அது நிற்கிறது என்று தெரிந்துவிட்டதால் பாதி வாக்கியங்களுக்கு வேலை இல்லாமல் போனது.

இரண்டாவது பள்ளம் அப்படி இல்லை. ஏழாவது நிமிடத்தில் கோடு செங்குத்தாக விழுந்து அங்கேயே கிடந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் அந்த இரவில் அலைக்குள் போன பகுதி முடிகிற இடம் அது. அந்தப் பகுதியை மக்கள் நகராமல் பார்த்திருந்தார்கள், கோடு படுத்தமாதிரி நேராக இருந்தது. போனது அதற்கு அடுத்த நொடியில். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் காரணம் பிடிபட்டது. “தனுஷ்கோடி அதன்பிறகு ஊராக எழவே இல்லை” என்று ஒரு வரி, அதற்குப் பிறகு இசை தேய்ந்து மறைகிறது, மூன்று விநாடி வெறும் கடல். எழுத்திலும் சத்தத்திலும் அது ஒரு முடிவு. கதை முடிந்தது என்று நானே சொல்லிவிட்டு, மீதி பத்து நிமிடம் பாலத்தைச் சரிசெய்ததைப் பேசிக்கொண்டிருந்தால் யார் இருப்பார்கள்?

இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று இருந்தது, நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். ரயிலை முதல் நிமிடத்தில் காட்டி, “அதில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது?” என்று நிறுத்திவிட்டு, பதிலைக் கடைசிக்குத் தள்ளுவது. நான் அதைச் செய்யவில்லை. உண்மையாக இறந்துபோன மனிதர்களைக் கொக்கியில் மாட்டி ஆட்களை இழுத்துப் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை. அதனால் ரயிலை அதன் இடத்திலேயே விட்டு, அதற்கு முன்னால் வேறொரு கேள்வியைத் திறந்துவைக்கத் தேடினேன்.

அந்தக் கேள்வி அக்காவிடமிருந்து வந்தது. எழுதிய வரை சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்ததையும் மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்ததையும் படிக்கும்போது, நடுவில் நிறுத்தி, “டேய், கடல்ல விழுந்த இரும்பெல்லாம் என்னடா ஆச்சு?” என்றாள். அதற்கான பதில் என் ஸ்கிரிப்ட்டில் இருந்தது, ஆனால் நாலு பக்கம் தள்ளி, ஒரு துணைத் தகவல் மாதிரி. நான் கடைசிக்கு வைத்திருந்தது ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் வேலை முடிந்தது என்பதை. ஆனால் அந்த 46 என் தலைப்பிலேயே இருக்கிறது. தலைப்பைப் படித்துவிட்டு உள்ளே வந்தவருக்கு அதே எண்ணைப் பத்து நிமிடம் மறைத்து வைத்துக் காட்டினால் அவர் எதைத் தெரிந்துகொண்டார்?

அதனால் மாற்றிப் போட்டேன். 46 நாள் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. நான் மறைத்து வைத்தது, அதை எப்படிச் செய்தார்கள் என்பதை. புயல் முடிந்த காலைக் காட்சியில் ஒரே வரி: “கர்டர்கள் கடலுக்கு அடியில் கிடந்தன.” அவ்வளவுதான், கேள்வியாகக்கூட இல்லை. அப்புறம் ரயில். ரயில் முடிந்ததும் இசையைத் தேய விடாமல், மௌனத்தை ஒரு விநாடியாக்கி, நேராகக் கெடுவுக்குப் போனேன். இத்தனை கர்டர்களைப் புதிதாகச் செய்து கொண்டுவர எத்தனை காலம் ஆகும் என்று பார்ப்பவரே கணக்குப் போட ஆரம்பிக்கும் இடத்தில், விழுந்த கர்டர்களையே கடலிலிருந்து மீட்டு எடுத்து மறுபடி தூணில் ஏற்றினார்கள் என்று திறந்தேன். அந்த ஒரு வரிக்கும் இதற்கும் நடுவில் சுமார் மூன்றரை நிமிடம். முதலில் ஆறு நிமிடம் விட்டிருந்தேன், அக்காவுக்குப் படித்தபோது அவள் அந்த இரும்பை மறந்தேபோயிருந்தாள். மறந்துபோன கேள்விக்குப் பதில் சொன்னால் அது வெறும் தகவல்.

வெட்டும்போது நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது முடியும்போது கேட்பவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று பென்சிலால் எழுதினேன். ஐந்து பத்திகளுக்கு எழுத எதுவும் இல்லை. அதில் இலங்கைக்குப் போன கப்பல் இணைப்பு பற்றிய பகுதியும் ஒன்று. தலைமன்னார் வரை எழுதியிருந்தேன், இரண்டு வாரம் படித்துச் சேர்த்தது. வேறொரு வீடியோவாக எடுத்து வைத்துவிட்டேன்.

17 நிமிடம் 11 ஆனது. புதிய வீடியோவில் ஏழாவது நிமிடச் செங்குத்துச் சரிவு இல்லை, ரயில் பகுதிக்குப் பிறகு கோடு மெதுவாகத்தான் சாய்கிறது. தூக்குப்பால விளக்கத்தில் சின்ன இறக்கம் இன்னும் இருக்கிறது, அதை விட்டுவிட்டேன், இல்லாவிட்டால் நடுவில் நின்ற அந்த இரும்பு என்னவென்றே தெரியாமல் போகும். முதல் 30 விநாடியில் போகிறவர்களின் அளவு கிட்டத்தட்ட பழையபடியே. அது தலைப்பும் தம்ப்நெயிலும் கொண்டுவருகிற ஆட்களைப் பொறுத்தது என்று நினைக்கிறேன், ஸ்கிரிப்ட்டால் அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது தலைமன்னார் பகுதியை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன், பென்சில் குறிப்பு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.