ஸ்பிரிங் என்று எழுதினால் ஸ்பிரிங் மட்டும்தான்

காப்புரிமை வரைவைக் கையில் கொடுத்தவுடன் கண்டுபிடித்தவர் முதலில் படிப்பது சுருக்கத்தை. அது ஒரு பத்திதான், புரிகிற மாதிரியும் இருக்கும். படித்ததும் வருத்தப்படுவார். "ஏங்க, ஆறு மாசம் உழைச்சது இதுல ஒண்ணுமே வரலையே?" அடுத்த பக்கத்தில், எதற்கு உரிமை கோருகிறோம் என்று சொல்லும் கிளெய்ம் என்ற தலைப்பில் எட்டு வரிக்கு நீளும் ஒற்றை வாக்கியம் இருக்கும். அதைப் பாதியில் விட்டுவிட்டு, "இது வக்கீல் சமாச்சாரம், நீங்க பாத்துக்கங்க" என்பார். அவர் கவலைப்பட வேண்டிய பக்கம் அந்த இரண்டாவதுதான். விளக்குகிறவரின் வேலை அந்தக் கவலையை இடம் மாற்றி வைப்பதில் தொடங்குகிறது.

சுருக்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். இந்தியக் காப்புரிமை விதிகளின்படி அது 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும், கண்டுபிடிப்பின் தலைப்போடு தொடங்க வேண்டும். எந்தத் துறை, பழையதைவிட எது மேம்பட்டது, முதன்மையான பயன் என்ன என்று சொன்னால் போதும். தேடுகிறவருக்கு அது ஒரு விலாசச் சீட்டு. மற்றவர்களுக்கு இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று காப்புரிமை அலுவலக அதிகாரியான கண்ட்ரோலரே அதைத் திருத்தலாம். சட்டமே அந்த அதிகாரத்தைத் தருகிறது. உரிமையின் எல்லை சுருக்கத்தில் இருந்தால் அதில் அதிகாரி கை வைக்க விடுவார்களா என்று கேட்டாலே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். எல்லை கிளெய்மில் இருக்கிறது.

கிளெய்மை விளக்க ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். டிரம் சுற்றும்போது மாவு சுவரில் ஒட்டும், அதை வழித்து மறுபடி கல்லுக்கடியில் தள்ள ஸ்கிராப்பர் உண்டு. அசையாமல் பொருத்திய ஸ்கிராப்பரின் முனை தேயத் தேய, சுவருக்கும் அதற்கும் இடையே இடைவெளி விழும், அங்கே மாவு அரைபடாமல் தங்கும். நம் கண்டுபிடிப்பாளர் ஸ்கிராப்பரை ஒரு கீலில் மாட்டி, பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். முனை தேய்ந்தாலும் ஸ்பிரிங் அதைச் சுவரோடு சேர்த்தே பிடிக்கும்.

முதல் கிளெய்ம் தமிழில் ஏறக்குறைய இப்படி அமையும்: "சுழலும் ஒரு டிரம், அதனுள் உருளும் ஒரு கல், டிரம்மின் உட்சுவரில் ஒட்டும் மாவை வழிக்கும் ஒரு ஸ்கிராப்பர் ஆகியவற்றைக் கொண்டதும், அந்த ஸ்கிராப்பர் ஒரு கீலில் பொருத்தப்பட்டு, ஒரு சுருள் ஸ்பிரிங்கால் அந்த உட்சுவரை நோக்கி எப்போதும் அழுத்தப்பட்டிருப்பதுமான கிரைண்டர்."

இதைப் படித்துக் காட்டியவுடன் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். "கல்லு மூணு இருக்கே, ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க?" கிளெய்மில் 'ஒரு கல்' என்றால் குறைந்தது ஒன்று என்று பொருள், மூன்று வைத்தாலும் உள்ளே வந்துவிடும். மூன்று என்று எழுதினால்தான் இரண்டு கல் வைப்பவன் வெளியே போய்விடுவான். "மோட்டாரைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே?" விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர முடியும், பெரும்பாலும் ஆங்கிலம்தான். அந்த ஆங்கில வரைவில் 'கம்ப்ரைசிங்' என்று ஒரு சொல் இருக்கும். இவை கட்டாயம் இருக்க வேண்டும், கூட வேறு எது இருந்தாலும் பரவாயில்லை என்பது அதன் பொருள். 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்றால் இவை மட்டுமே. தமிழில் 'கொண்ட', 'உடைய' என்று சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு காணாமல் போகும். ஆகவே வாய்மொழியாக விளக்கும்போது "இவ்வளவும் இருந்தாப் போதும், மத்தது உங்க இஷ்டம்" என்று சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு இடத்தில் வழுக்கினால் மற்ற விளக்கமெல்லாம் கோணலாகப் போகும்.

நன்றாக விவரமாக எழுதினால் பாதுகாப்பு கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கண்டுபிடிப்பை எப்படிச் செய்வது என்று விரித்துச் சொல்லும் விவர உரைக்கு அது சரி, கிளெய்முக்கு அப்படியே தலைகீழ். கிளெய்மில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் எதிராளியின் பொருளில் இருந்தால்தான் அவன் மாட்டுவான், ஒன்று குறைந்தாலும் நழுவப் பார்ப்பான். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டுவது மேல். இடது பக்கம் கிளெய்மைத் துண்டு துண்டாக எழுத வேண்டும்: டிரம், கல், ஸ்கிராப்பர், கீல், சுருள் ஸ்பிரிங், எப்போதும் அழுத்தம். அடுத்த கட்டத்தில் சந்தையில் இருக்கும் பழைய கிரைண்டர். முதல் மூன்றுக்கும் டிக் விழும், மற்ற மூன்றுக்கும் விழாது. புதுமை அங்கேதான் என்பது அவர் கண்ணிலேயே படும். மூன்றாவது கட்டத்தை அவரிடமே கொடுத்து, "இதைப் படிச்ச போட்டிக் கம்பெனிக்காரன் நீங்கதான். மாட்டாம எப்படிச் செய்வீங்க?" என்று கேட்க வேண்டும். பட்டறையில் பழகிய கை அது. இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்: "சுருளை எடுத்துட்டுப் பட்டை ஸ்பிரிங் போடுவேன். இல்லாட்டி ரப்பர்." சொல்லி முடித்தவுடனே முகம் மாறும். "ஆனா அது என்னோட ஐடியாதானே?"

இந்த இடத்தில் எபிலேடி வழக்கைச் சொல்லலாம். இஸ்ரேலில் உருவான ரோமம் பிடுங்கும் கருவி அது. மோட்டாரால் சுழலும் வளைந்த சுருள் ஸ்பிரிங், தன் சுற்றுகளுக்கிடையே ரோமத்தைக் கவ்வி இழுக்கும். ஐரோப்பியக் காப்புரிமையின் கிளெய்ம் சுருள் ஸ்பிரிங் என்றே சொன்னது. ரெமிங்டன் நிறுவனம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, குறுக்கே கீறல்கள் போட்ட ரப்பர் தண்டை வைத்துச் சந்தைக்கு வந்தது. வேலை அதேதான். 1989இல் இங்கிலாந்து நீதிமன்றம் இதை மீறல் இல்லை என்றது: ரப்பர் தண்டை எப்படித் தாராளமாகப் பார்த்தாலும் சுருள் ஸ்பிரிங் என்று சொல்ல முடியாது, அந்தச் சொல்லைப் போட்டவர் அதோடு நிற்கத்தான் நினைத்தார் என்று துறை அறிந்தவர் புரிந்துகொள்வார் என்பது காரணம். 1991இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே காப்புரிமையைப் படித்து மீறல்தான் என்றது. 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தன் அளவுகோலைத் தளர்த்திக்கொண்டது என்றாலும், ஒரு சொல்லுக்காக இரண்டு நாட்டில் வழக்காடியது நடந்தது நடந்ததுதான். கிரைண்டர்காரருக்குத் தேவையானது அந்தக் கீறல் போட்ட ரப்பர் தண்டு. அதைக் காகிதத்தில் வரைந்து காட்டினால் போதும்.

ஆக, முதல் கிளெய்மில் 'சுருள் ஸ்பிரிங்' போய் 'அழுத்தம் தரும் உறுப்பு' என்று வரும். சுருள் ஸ்பிரிங் இரண்டாவது கிளெய்முக்கு இறங்கும்: "முதல் கிளெய்மில் சொன்ன கிரைண்டர், அதில் அழுத்தம் தரும் உறுப்பு சுருள் ஸ்பிரிங்." விவர உரையில் பட்டை ஸ்பிரிங், ரப்பர், எடைக்கட்டி என்று மாற்றுகள் ஒவ்வொன்றையும் எப்படிப் பொருத்துவது என்பதோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் அகலமான சொல்லுக்கு உள்ளே ஆதாரம் இல்லை என்று ஆட்சேபம் வரும்.

இப்போது அவருக்கு வேறு ஆசை பிறக்கும். "அப்ப கீலையும் எடுத்துடலாமே? கல்லையும்?" எடுக்க எடுக்க அகலும், ஏற்கெனவே இருப்பதன் மேல் போய் விழவும் செய்யும். ஐஸ்கிரீம் எந்திரங்களில் சுவரைச் சுரண்டும் பிளேடை ஸ்பிரிங்கால் அழுத்தும் வழக்கம் உண்டு. பழைய கிரைண்டரையும் அதையும் சேர்த்து வைத்து, இரண்டையும் அறிந்த யாருக்கும் இது தோன்றியிருக்கும் என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எழுதலாம். அப்போது பின்வாங்கி நிற்க ஒரு இடம் வேண்டும். அந்த இரண்டாவது கிளெய்மைப் போல முதலாவதைச் சார்ந்து நிற்கும் சார்புக் கிளெய்ம்கள் இருப்பது அதற்காகத்தான்.

அந்த இடத்தைத் தேட ஒரு கேள்வி உதவும்: "முதல்ல செஞ்சப்ப எது சரியா வரலை?" பயனைப் பற்றிக் கேட்டால் விளம்பர வாசகம்தான் வரும், கோளாறைப் பற்றிக் கேட்டால் பொறியியல் வரும். இப்படி ஒரு பதில் வரலாம்: "ஸ்பிரிங் போட்டதும் முனை தேயத் தேய ஸ்கிராப்பர் உள்ளே சாஞ்சு கல்லுல இடிச்சுச்சு. அப்புறம் கீல்ல ஒரு தடுப்பு வெச்சேன், அதுக்கு மேல சாயாது." வரைவில் அந்தத் தடுப்பைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, ஏனென்றால் அவருக்கு அது சொல்லத் தகுந்த விஷயமாகவே படவில்லை. ஐஸ்கிரீம் எந்திரத்தில் உருளும் கல் இல்லை, அந்தச் சிக்கலும் இல்லை. வாதாட நல்ல இடம் இதுதான். மூன்றாவது கிளெய்ம் இங்கே கிடைத்துவிட்டது.

ஆனால் விவர உரையும் கிளெய்ம்களும் அடங்கிய முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யும் நாளிலேயே இது உள்ளே இருந்தாக வேண்டும். பின்னால் வரும் திருத்தங்களைக் காப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது: முதலில் வெளிப்படுத்தாத எதையும் சேர்க்க முடியாது, திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். குறுக்கலாம், அகட்ட முடியாது. "சுருள் ஸ்பிரிங்னு போட்டுருவோம், அப்புறம் மாத்திக்கலாம்" என்பது நடக்காது. எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து கிளெய்ம் வரை அடிப்படைக் கட்டணத்தில் அடங்கும், தனிநபர் இணையவழி தாக்கலில் அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 320 ரூபாய். பெயின்ட் நிறத்துக்கும் கைப்பிடி வடிவத்துக்கும் அதைச் செலவிட வேண்டியதில்லை.

சுருக்கம் மறுபடி தலைகாட்டும் நேரம் ஒன்று உண்டு. இரவில் இணையத்தில் தேடி, "சுவரோடு ஒட்டி நிற்கும் ஸ்கிராப்பர் கொண்ட கிரைண்டர்" என்று யாரோ ஒருவரின் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, காலையில் "எல்லாம் போச்சுங்க" என்று போன் வரும். அங்கே இரண்டு கேள்வியைப் பிரித்துக் காட்ட வேண்டும். நான் விற்றால் அவர் வழக்குப் போட முடியுமா என்பது ஒன்று. அதற்குப் பார்க்க வேண்டியது வழங்கப்பட்ட கிளெய்ம்கள். அந்தக் காப்புரிமை இந்தியாவில் இருக்கிறதா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டி உயிரோடு இருக்கிறதா என்பதும் சேர்த்து. வெளியிடப்பட்ட விண்ணப்பத்தின் கிளெய்ம் வழங்கும்போது குறுகியிருக்கலாம். என்னுடையது புதிதா என்பது மற்றொன்று. அதற்கு அந்த ஆவணம் முழுவதையும் படிக்க வேண்டும், படங்கள் உட்பட. கிளெய்மில் இல்லாமல் படத்தில் மட்டும் கீலும் ஸ்பிரிங்கும் தெளிவாகத் தெரிந்தால்கூட நம் புதுமை போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருப்பவர்கள்தான் அதிகம்.

கையெழுத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு சோதனை. முதல் கிளெய்மை மட்டும் கொடுத்து, அதில் இருப்பதை மட்டும் வரையச் சொல்ல வேண்டும். பழக்கத்தில் மூன்று கல், கீழே மோட்டார், பக்கத்தில் சாய்க்கும் கைப்பிடி எல்லாம் வரைந்துவிடுவார். "இது எந்த வரில இருக்கு?" என்று பென்சிலை ஒவ்வொன்றின் மேலும் வைத்தால், அவரே ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்குவார். கடைசியில் தாளில் ஒரு வட்டம், ஒரு கல், ஒரு ஸ்கிராப்பர், ஒரு கீல், அதைத் தள்ளும் ஒரு அம்புக்குறி மிஞ்சும். அம்புக்குறியின் இடத்தில் ஸ்பிரிங் வரைந்திருந்தால் அதையும் அழிக்கச் சொல்ல வேண்டும்.